அப்பாவுக்குத் துணை, முறை வைத்து

கேள்வி: எங்க அம்மா மாரடைப்பில் இறந்து பன்னிரண்டு நாள் ஆகிறதுங்க. அப்பாவுக்கு 72 வயது. காங்கேயம் பக்கம் தோட்டத்துச் சாளையில் இருக்கிறார். ரெண்டு கறவை மாடு, கொஞ்சம் தென்னை. சர்க்கரைக்கும் பிரஷருக்கும் மாத்திரை சாப்பிடுகிறார். நான் திருப்பூரில் பனியன் கம்பெனியில் வேலை, அக்கா பெங்களூரில். கூட்டிக்கொண்டு போகலாம் என்றால் வர மறுக்கிறார். “யாரும் வர வேண்டாம், நான் பாத்துக்கறேன்” என்கிறார். சொந்தக்காரர்களை முறை வைத்து இருக்கச் சொல்லலாம் என்று வாட்ஸ்அப் குரூப்பில் போட்டேன். எல்லோரும் “கண்டிப்பா வர்றோம்” என்றார்கள். ஒருவரும் தேதி சொல்லவில்லை. எப்படிக் கேட்பது என்றே தெரியவில்லைங்க.

பதில்:

தம்பி, முதலில் அந்த மாடுகளைப் பற்றிப் பேசிவிடுவோம். உங்கள் அப்பா திருப்பூருக்கு வர மறுப்பதைப் பிடிவாதம் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். காலையில் ஐந்து மணிக்கு மாடு கத்தினால் எழுந்துதான் ஆக வேண்டும். பாலை சொசைட்டிக்குக் கொண்டுபோய் ஊற்றித்தான் ஆக வேண்டும். இப்போது அவரைக் கட்டிலை விட்டு எழுப்புகிற ஒரே வேலை அதுதான். அவரை அங்கேயே விட்டுவிட்டு ஆட்களை அங்கே வரவழைக்கலாம் என்று யோசித்தீர்களே, அது சரியான யோசனை. ஆனால் இத்தனை நாள் பால் கறந்தது யார்? அம்மாதான் என்றால், வந்து தங்கப்போகிற சொந்தக்காரர்களில் கறக்கத் தெரிந்தவர் ஒருவரோ இருவரோதான் இருப்பார்கள். புதுக் கைக்கு மாடு பால் அடக்குவதும் உங்களுக்குத் தெரியும். அதனால் தினமும் வந்து கறந்துவிட்டுப் போக அக்கம்பக்கத்துத் தோட்டத்தில் ஒருவரைக் கூலிக்குப் பேசிவிடுங்கள். அப்பா கூட நிற்கட்டும், தீவனம் வைக்கட்டும், பாலை அவரே ஊற்றிவிட்டு வரட்டும். கட்டுத்தரை வேலை ஒழுங்கானால் சொந்தக்காரர்களிடம் கேட்பது பாதி சுலபமாகிவிடும். ஏனென்றால் ‘வந்தால் சாணி அள்ள வேண்டியிருக்குமோ’ என்ற தயக்கம் டவுனில் இருப்பவர்களுக்கு உண்டு. வாய்விட்டுச் சொல்ல மாட்டார்கள்.

அடுத்து ஒரு நாள் முழுக்க லீவு போட்டுவிட்டு அப்பாவுடன் இருங்கள். காலையிலிருந்து மறுநாள் காலை வரை அம்மாவின் கை எங்கெல்லாம் இருந்தது என்று மட்டும் கவனியுங்கள். நான் பார்த்த வரையில் பெரும்பாலான வீடுகளில் மூன்று இடம்தான் அகப்படும். காலை டிபனும் மாத்திரையும் ஒன்று. விளக்கு வைக்கிற நேரத்திலிருந்து ராத்திரிச் சாப்பாடு வரை இன்னொன்று. நடுராத்திரி விழிப்பு மூன்றாவது. பகல் பொழுது எப்படியோ ஓடிவிடும், தோட்டத்தில் வேலை இருக்கும், வருகிறவர்கள் போகிறவர்கள் இருப்பார்கள். இது தெரிந்துவிட்டால், 24 மணி நேரமும் யாராவது பக்கத்திலேயே உட்கார்ந்திருக்க வேண்டும் என்ற மலைப்பு போய்விடும். முதல் இரண்டு வாரம் போனால் சாயங்காலம் வந்து மறுநாள் காலை போகிற ஆள் போதும்.

அப்பாவிடம் “யாராவது வரட்டுங்களா?” என்று கேட்காதீர்கள். வேண்டாம் என்றுதான் சொல்வார். ஆயுள் முழுக்க வந்தவர்களுக்குச் சோறு போட்ட மனுசருக்கு, தனக்குத் துணை வேண்டும் என்று சொல்ல வாய் வராது. “அடுத்த வாரம் முதல்ல சின்ன அத்தை வரட்டுங்களா, மாமா வரட்டுங்களாப்பா?” என்று கேளுங்கள். அப்போது அவர் ஒரு பேரைச் சொல்வார், அல்லது ஒரு பேருக்கு முகம் சுளிப்பார். இரண்டுமே உங்களுக்கு உதவும். எத்தனை நாள் என்பதையும் சொல்லிவிடுங்கள். “ஆறு வாரத்துக்குத்தானுங்கப்பா, அப்புறம் நீங்க சொல்றபடி.” முடிவு தெரிந்தால் ஒத்துக்கொள்வது அவருக்கும் லேசாகும்.

இனி சொந்தக்காரர்கள். குரூப்பில் போட்டது யாருக்கும் சொன்னதாக ஆகாது. இருபது பேர் படித்தால் ஒவ்வொருவரும் மற்ற பத்தொன்பது பேரை நினைத்துக்கொள்வார்கள். வாய்க்கால் பாசனத்தில் முறைத் தண்ணீர் எப்படி நடக்கிறது? எந்த நாள், எத்தனை மணி, யாருடைய மடை என்று பேசி வைத்திருப்பதால்தானே நடக்கிறது. அதே மாதிரிதான் இதுவும். ஒவ்வொருவருக்கும் தனியாகப் போன் போடுங்கள், பெரியவர்களாக இருந்தால் நேரில் போங்கள். பேச்சில் ஐந்து விஷயம் இருக்க வேண்டும்: எந்தக் கிழமை வர வேண்டும், எந்தக் கிழமை கிளம்பலாம், என்ன செய்ய வேண்டும், எது அவர் வேலை இல்லை, அவருக்கு அடுத்து வருவது யார். உங்கள் மாமாவிடம் இப்படிக் கேட்கலாம்:

“மாமா, வர்ற வியாழக்கெழம காலைல வந்து ஞாயித்துக்கெழம மத்தியானம் வரைக்கும் அப்பா கூட இருக்க முடியுங்களா? மாட்டு வேலைக்கு ஆள் சொல்லியாச்சுங்க, நீங்க ஒண்ணும் பண்ண வேண்டாம். காலைலயும் ராத்திரியும் கூட உக்காந்து சாப்பிட்டு, மாத்திரைய மட்டும் எடுத்துக் குடுத்தாப் போதுமுங்க. ஞாயித்துக்கெழம சின்ன அத்தை வந்துருவாங்க. தோதுப்படலைன்னா சொல்லீருங்க மாமா, மனசுல ஒண்ணும் வெச்சுக்க மாட்டேனுங்க.”

கடைசி வரியை விட்டுவிடாதீர்கள். முடியாது என்று சொல்ல வழி இருந்தால்தான் முடியும் என்று சொல்பவரை நம்பலாம். வழி இல்லாமல் தலையாட்டியவர் புதன்கிழமை ராத்திரி போன் போட்டுச் சாக்குச் சொல்வார்.

இந்த மாமா உங்கள் அம்மாவின் கூடப்பிறந்தவர் என்பதையும் மறந்துவிட வேண்டாம். அவரும் அக்காவையோ தங்கையையோ பறிகொடுத்தவர். அவரைத் தொந்தரவு செய்ய வேண்டாம் என்று பலர் விட்டுவிடுகிறார்கள். என் அனுபவத்தில் அது தப்பு. அம்மாவைச் சின்ன வயதிலிருந்து அறிந்த ஒருவர் பக்கத்துக் கட்டிலில் படுத்திருந்தால், பிள்ளைகளிடம் பேசாத பேச்சை அப்பா அவரிடம் பேசுவார். அம்மாவின் தங்கையைக் கூப்பிடும்போது மட்டும், சித்தப்பாவையும் சேர்த்து வரச் சொல்லுங்கள். மனைவியை இழந்தவர் சாளையில் கொழுந்தியா தனியாக ராத்தங்கினால் ஊர் என்ன பேசும் என்று அவர்கள் இருவருமே கூசுவார்கள். அந்தக் கூச்சத்தை நீங்கள் முன்னாலேயே நினைத்துப் பார்த்தீர்கள் என்றால் அவர்களுக்கு நிம்மதி. வீட்டில் கல்யாணம் வைத்திருப்பவர்களும் கர்ப்பிணி இருக்கிற வீட்டாரும் தீட்டு பார்த்துத் தயங்கலாம். அவர்களோடு வாதாட வேண்டாம், நான்காவது ஐந்தாவது வாரத்துக்குத் தள்ளிப் போடுங்கள். கூடவே உட்கார்ந்து குடிக்கிற பங்காளி யாராவது இருந்தால் அவர் பகலில் வந்து பார்த்துவிட்டுப் போகட்டும். ராத்திரி முறை அவருக்கு வேண்டாம்.

இன்னொன்றையும் வருகிற எல்லோரிடமும் சொல்லிவிடுங்கள். இந்த ஆறு வாரத்தில் அம்மாவின் நகை, தோட்டத்துப் பங்கு, பத்திரம் என்று ஒரு பேச்சும் அந்தத் திண்ணையில் எடுக்கக் கூடாது. நல்லெண்ணத்தில் யாராவது “காலாகாலத்துல எழுதி வெச்சுருங்க மாமா” என்று ஆரம்பிப்பார்கள். அடுத்த முறைக்கு வர வேண்டியவர் அதோடு வராமல் போய்விடுவார்.

சில வருடங்களுக்கு முன் கோபி பக்கத்திலிருந்து ஒரு குடும்பம் என்னிடம் வந்தது. அவர்களிடம் நான் கற்றுக்கொண்டதை உங்களுக்குச் சொல்கிறேன். பெரியவருக்கு எழுபது வயது, உங்கள் அப்பாவைப் போலவே சர்க்கரை. காரியம் முடிகிற வரை வீடு நிறைய ஆள். முடிந்த மறுநாள் ஒரே நாளில் எல்லோரும் கிளம்பிவிட்டார்கள். மூத்த மருமகள் மட்டும் மூன்று வாரம் தனியாக இருந்து பார்த்தார். அவருடைய குழந்தைகள் ஈரோட்டில் பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருக்க, இங்கே மாமனாருக்குச் சமையல். மூன்றாவது வாரம் அந்தப் பெண்தான் முதலில் உடைந்து போனார். அப்புறம்தான் ஆறு பேரைப் பிடித்து முறை போட்டோம். முதல் இரண்டு வாரம் பகலும் ராத்திரியும் ஒருவர், திங்களும் வியாழனும் ஆள் மாறும். மூன்றாவது நான்காவது வாரம் சாயங்காலம் ஐந்து மணியிலிருந்து காலை ஒன்பது வரை மட்டும். ஐந்தாவது வாரம் ஒரு நாள் விட்டு ஒரு நாள். ஆறாவது வாரம் இரண்டே ராத்திரி.

திட்டம் நன்றாகத்தான் இருந்தது. ஆனால் முதல் வியாழக்கிழமையே ஒரு தப்பு நடந்தது. கிளம்புகிறவர் காலையில் மாத்திரை கொடுத்துவிட்டுப் போனார். வந்திறங்கிய அத்தை அது தெரியாமல் டிபனுக்கு அப்புறம் இன்னொரு முறை கொடுத்தார். பெரியவரும் யோசனை இல்லாமல் வாங்கிப் போட்டுக்கொண்டார். பதினொரு மணிக்கு உடம்பெல்லாம் வேர்த்து, கை நடுங்கி, பேச்சு குழறியது. துக்கம் தாங்காமல் மயக்கம் வருகிறது என்றே எல்லோரும் நினைத்தார்கள். பக்கத்துத் தோட்டத்தில் இருந்த மிஷினில் பார்த்தபோது சர்க்கரை 58.

உங்கள் அப்பாவுக்கு இது இரண்டு வழியில் வரலாம். ஒன்று, இப்படி ஆள் மாறுகிற நாளில் இரட்டை மாத்திரை. இன்னொன்று, பசிக்கவில்லை என்று சாப்பிடாமல் மாத்திரையை மட்டும் போட்டுக்கொள்வது. கிளிமிபிரைடு மாதிரி மாத்திரைகள் சாப்பாடு இல்லாவிட்டாலும் சர்க்கரையை இறக்கிக்கொண்டே போகும். எந்த வேளை சாப்பிடாவிட்டால் எந்த மாத்திரையை விட வேண்டும் என்று டாக்டரிடம் இப்போதே கேட்டு, சீட்டில் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். வேர்வை, நடுக்கம், குழப்பம் என்று பார்த்தால் சர்க்கரையை அளக்க வேண்டும். 70-க்குக் கீழே இருந்தால் மூன்று டீஸ்பூன் சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்துக் குடிக்கக் கொடுத்து, பதினைந்து நிமிடம் கழித்துத் திரும்ப அளக்க வேண்டும். ஏறவில்லை என்றால் அதே அளவு இன்னொரு முறை. மிஷின் கைக்கு எட்டவில்லை என்றால் காத்திருக்க வேண்டாம், சர்க்கரைத் தண்ணீரைக் கொடுத்துவிடலாம். நினைவில்லாமல் இருந்தால் வாயில் எதுவும் ஊற்றக் கூடாது, 108-க்குப் போன்.

அந்த வீட்டில் இதை ஒரு நாற்பது பக்க நோட்டு சரிசெய்தது. ரேடியோ வைத்திருந்த அலமாரியில் நூல் கட்டிய பேனாவோடு தொங்கும். ஒரு பக்கம் எனக்கு இன்னும் ஞாபகம் இருக்கிறது: “காலை மாத்திரை 8.10 குடுத்தாச்சு. ரெண்டு இட்லி. மதியம் ரசஞ்சோறு கொஞ்சம். மூணு மணிக்கு எழுந்து திண்ணைல உக்காந்துட்டாரு, காப்பி வெச்சுக் குடுத்தேன், அத்தை பத்திப் பேசுனாரு.” இவ்வளவுதான். அடுத்து வருகிறவர் இதைப் படித்தாலே எங்கே விட்டதோ அங்கிருந்து பிடித்துக்கொள்ளலாம். ஆள் மாறுகிற நாளில் காலை மாத்திரை கிளம்புகிறவர் பொறுப்பு என்று அட்டையிலேயே எழுதி வைத்தோம். மாற்றம் எப்போதும் பகலில்தான், போகிறவரும் வருகிறவரும் ஒரு வேளையாவது பெரியவரோடு சேர்ந்து உட்கார்ந்து சாப்பிட வேண்டும். ஒருவர் சாயங்காலம் கிளம்பிப் போய், அடுத்தவர் மறுநாள் வந்தால், இருட்டுகிற நேரத்தில் காலி வீடு அவரை அடிக்கும்.

வருகிறவர்கள் செய்கிற இன்னொரு தப்பு, எல்லாவற்றையும் தாங்களே செய்துவிடுவது. அந்தப் பெரியவருக்கு மூன்றாவது வாரம் வரை உப்பு டப்பா எது என்று தெரியாது. அப்புறம் ஒரு ஒழுங்கு வைத்தோம். ஒவ்வொருவரும் தங்கள் முறையில் ஒன்றே ஒன்று அவரைச் செய்யவைக்க வேண்டும். ஒருவர் காப்பி போட, ஒருவர் குக்கரில் சோறு வைக்க, ஒருவர் வாரத்துக்கான மாத்திரையை டப்பாவில் பிரித்துப் போட. ரசம் வைக்கக் கற்றுக்கொடுத்தது அவருடைய மச்சான்.

ராத்திரி பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும், வருகிறவர்கள் பயப்படுவது அங்கேதான். அப்பா நடுராத்திரியில் அம்மாவின் குரல் கேட்டது என்று சொல்லலாம். சமையல்கட்டில் பாத்திரச் சத்தம் கேட்டது என்று எழுந்து போகலாம். வேல்ஸ் நாட்டில் ரீஸ் என்ற டாக்டர் துணையை இழந்த 293 பேரிடம் பேசி 1971-ல் எழுதினார். அதில் ஏறக்குறையப் பாதிப் பேர், இறந்தவர் பக்கத்தில் இருப்பதாக உணர்ந்தோ, குரலைக் கேட்டோ, உருவத்தைப் பார்த்தோ இருந்தார்கள். இது பேயும் இல்லை, பைத்தியமும் இல்லை. மந்திரிக்கக் கூட்டிக்கொண்டு போக வேண்டியதில்லை. “என்னங்க சொன்னாங்க?” என்று கேட்டுவிட்டுக் கூட உட்கார்ந்தால் போதும். அம்மாவின் கட்டில், சேலை, மூக்குக்கண்ணாடி எதையும் வருகிறவர்கள் எடுத்து வைக்கக் கூடாது. எப்போது எடுப்பது என்று அப்பா சொல்வார்.

ஆனால் நேரம், இடம், ஆள் தெரியாமல் பகலிலும் குழம்பினால் அது துக்கம் இல்லை. சர்க்கரையோ உப்புச்சத்தோ கிருமித் தொற்றோ காரணமாக இருக்கலாம், அன்றைக்கே ஆஸ்பத்திரி. நெஞ்சுவலி, மூச்சுவாங்கல் என்றாலும் “கவலைல இருக்காரு” என்று விட்டுவிடக் கூடாது. இங்கிலாந்தில் 55 வயதுக்கு மேல் மனைவியை இழந்த 4,486 ஆண்களைத் தொடர்ந்து பார்த்து 1969-ல் ஒரு ஆய்வு வந்தது. முதல் ஆறு மாதத்தில் அவர்களில் இறந்தவர்கள், அந்த வயதுக்கு எதிர்பார்க்கக்கூடியதைவிட 40 சதவீதம் அதிகம். அதில் பெரும்பகுதி இருதய நோய். ஆள் முறை ஆறு வாரத்தில் முடிந்தாலும், பிரஷர் பார்ப்பதையும் மாத்திரையையும் ஆறு மாதம் நீங்கள் விடாமல் கண்காணிக்க வேண்டும்.

இதைச் சொல்லச் சங்கடமாக இருக்கிறது, ஆனாலும் சொல்லியே ஆக வேண்டும். தோட்டத்தில் பூச்சிமருந்தும் களைக்கொல்லியும் எங்கே இருக்கிறது? முதல் ஆள் வருவதற்கு முன்னாலேயே நீங்கள் போய் மிச்சம் மீதியையெல்லாம் எடுத்துவிடுங்கள். தேவைப்பட்டால் நம்பிக்கையான பக்கத்துத் தோட்டத்தில் பூட்டி வைத்து, சாவி அந்தத் தோட்டத்துக்காரரிடமே இருக்கட்டும். செத்துப்போகலாம் என்ற எண்ணம் பலருக்கு வந்து சில மணி நேரத்தில் போய்விடும். அந்த நேரத்தில் கையெட்டும் தூரத்தில் டப்பா இருக்கக் கூடாது. “நானும் போயிட்டாத் தேவல” என்று அப்பா சொன்னால் பேச்சை மாற்றாதீர்கள். “சாகணும்னு நெனப்பு வருதுங்களாப்பா? எப்படின்னு யோசிச்சீங்களா?” என்று நேராகவே கேளுங்கள். கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக முளைக்காது. ஆமாம் என்றால் அவரைத் தனியே விடாமல் அன்றே மனநல மருத்துவரிடம் கூட்டிப் போங்கள். எந்த நேரமும் 14416-லும் 104-லும் தமிழில் பேசலாம். முறைக்கு வருகிற ஒவ்வொருவர் போனிலும் இந்த இரண்டு எண்ணும் இருக்க வேண்டும்.

நான்காவது வாரக் கடைசியில் நோட்டை எடுத்துப் பாருங்கள். இரண்டு வேளையாவது ஒழுங்காகச் சாப்பிடுகிறாரா, மாத்திரையைத் தானே எடுக்கிறாரா, ராத்திரி நான்கைந்து மணி நேரமாவது தூங்குகிறாரா, பால் ஊற்றப் போன இடத்தில் யாரிடமாவது நின்று பேசிவிட்டு வருகிறாரா? அப்படியானால் திட்டப்படி குறைக்கலாம். இல்லையென்றால் சாயங்கால முறையை இன்னும் இரண்டு வாரம் நீட்டுங்கள். அதற்காகத்தான் தீட்டு பார்த்தவர்களைக் கையிருப்பில் வைக்கச் சொன்னேன்.

முதல் தனி ராத்திரி வெள்ளிக்கிழமையாக இருக்கட்டும், சனிக்கிழமை காலை நீங்கள் போய்விடலாம் இல்லையா. அன்றைக்கு எட்டரைக்கு நீங்கள் ஒரு போன், காலை ஆறு மணிக்கு அக்கா பெங்களூரிலிருந்து ஒரு போன். காலையில் எடுக்கவில்லை என்றால் யார் போய்ப் பார்ப்பது என்பதைப் பால் கறக்க வருகிறவரிடம் முந்தின நாளே பேசிவிடுங்கள். சாளைச் சாவி ஒன்று அவரிடமும் இருக்கட்டும்.